சின்ன ஓட்டலில் டேபிளுக்கு ஒரு க்யூஆர் கோடு ஒட்டி ஆர்டர் எடுக்கலாமா? ஆர்டர் கிச்சனுக்குப் போய், டேபிள் வாரியாக பில் வர என்ன கவனிக்க வேண்டும்?

தாராளமாகச் செய்யலாம். வேலூரில் சிஎம்சி ஆஸ்பத்திரி பக்கம் இருக்கும் மாமா கடைக்கு இதை நான்தான் எழுதிக் கொடுத்தேன். அதில் எனக்குப் பட்ட முக்கியமான விஷயம் ஒன்றுதான்: பில்லை டேபிள் நம்பரோடு கட்டாதீர்கள்.

நான்காம் டேபிளில் இரண்டு பேர் சாப்பாடு சொல்கிறார்கள். ஒன்று 100 ரூபாய் என்றால் பில் 200. அவர்கள் கை கழுவப் போகும்போதே அடுத்தவர் உட்கார்ந்து 60 ரூபாய் தோசை சொல்லிவிடுவார். நம்பரை மட்டும் பார்க்கும் மென்பொருள் 260 என்று ஒரே பில் போடும். அதனால் ஒரு குழு உட்கார்ந்து எழுந்து போகும் வரை ஓர் 'அமர்வு' என்று வையுங்கள். முதல் ஆர்டரில் அது திறக்கும். கல்லாவில் பணம் வாங்கி 'மூடு' அழுத்தினால் முடியும். நடுவில் ஆம்லெட் கேட்டால் கிச்சனுக்குத் தனிச் சீட்டு போகும், பில்லில் பழையதோடு சேரும்.

நம் ஊர்க் கடைகளில் மதிய நேரத்தில் முன்பின் தெரியாதவர்களும் ஒரே டேபிளில் உட்காருவார்கள். ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் நிறைய பேர் தனியாகத்தான் சாப்பிடுகிறார்கள். அதனால் ஸ்கேன் செய்ததும், ஏற்கெனவே அமர்வு திறந்திருந்தால் 'இவர்களோடு சேர்ந்தா, தனி பில்லா?' என்று கேட்க வேண்டும். தனி என்றால் 4அ, 4ஆ என்று இரண்டு அமர்வு. சீட்டிலும் அதே அடையாளம் வர வேண்டும், இல்லாவிட்டால் சர்வர் தட்டை யார் முன்னால் வைப்பார்? வங்காளம், ஜார்க்கண்டிலிருந்து வருபவர்களுக்காக இந்தக் கேள்வி இந்தியிலும் வங்காளத்திலும் இருப்பது நல்லது.

க்யூஆரைப் படம் பிடித்துப் போனவர் லாட்ஜிலிருந்தே ஆர்டர் போட முடியும். அதற்காக, அமர்வின் முதல் ஆர்டரை மட்டும் கல்லாவில் இருப்பவர் டேபிளைப் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகு கிச்சனுக்கு அனுப்புங்கள். அடுத்தவை நேராகப் போகட்டும். அமர்வு மூடியதும், போனில் திறந்திருக்கும் பழைய ஆர்டர் பக்கம் புது ஆர்டரை ஏற்கக் கூடாது.

கிச்சனில் செல்போன் சத்தம் எக்ஸாஸ்ட் ஃபேன் இரைச்சலில் கேட்காது, தெர்மல் பிரிண்டர்தான் சரி. அடுப்பை விட்டுத் தள்ளி வையுங்கள், சூடு பட்டால் அந்தத் தாள் கறுத்துவிடும். தாள் தீர்ந்தாலோ வைஃபை போனாலோ ஆர்டர் சத்தமில்லாமல் தொலையும். எனவே அச்சாகாத ஆர்டர் கல்லாத் திரையில் சிவப்பாக நிற்கட்டும்.

அப்புறம், ஸ்டிக்கரில் 'கேமராவில் ஸ்கேன் செய்யவும், பணம் கட்ட அல்ல' என்று பெரிதாகப் போடுங்கள். பலர் பழக்கத்தில் ஜிபேயைத் திறந்து ஸ்கேன் செய்துவிட்டு, வேலை செய்யவில்லை என்கிறார்கள். பணம் வாங்கும் க்யூஆர் கல்லாவில் மட்டும் இருக்கட்டும்.