மலைப்பாதையில் ஸ்டீயரிங் எதிர்த்து இழுத்தால்

கேள்வி: புது கார்ல லேன் கீப்பிங் அசிஸ்ட் இருக்கு. குன்னூர்ல இருந்து பர்லியார் இறங்கும்போது, ஏறி வர்ற பஸ்ஸுக்கு வழி விட இடப்பக்கம் ஒதுங்கினா ஸ்டீயரிங் வலப்பக்கம் இழுக்குது. நான் போறது முப்பத்தஞ்சு, நாப்பது வேகம்தான். போன மாசம் முன் கண்ணாடி மாத்தினேன், அதனாலயா? ஆஃப் பண்ணிடலாமா?
– அருவங்காடு வாசகர்

பதில்: ஆஃப் செய்துவிடுங்கள். மேட்டுப்பாளையம் தாண்டி கல்லாறில் மலை ஏறத் தொடங்கும் இடத்திலிருந்து ஊட்டி வரை அது உங்களுக்குத் தேவையே இல்லை. ஆனால் உங்கள் காரில் இழுப்பது லேன் கீப்பிங் அசிஸ்ட்டாக இருக்க வாய்ப்பு குறைவு. பெரும்பாலான கார்களில் அது 60 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல்தான் விழிக்கும். சக்கரம் கோட்டைத் தாண்டப் போகும்போது மட்டும் ஒரு தட்டு தட்டிவிடும். 35 வேகத்தில் இழுப்பது அதன் கூடப்பிறந்த இன்னொரு வசதி, லேன் ஃபாலோயிங் அசிஸ்ட். அது குறைந்த வேகத்திலும் காரை இரு கோடுகளுக்கும் நடுவிலேயே வைக்கப் பார்க்கும். பல கார்களில் இரண்டுக்கும் ஸ்டீயரிங்கில் ஒரே பொத்தான்தான். சற்று அழுத்தினால் ஒன்று, அழுத்திப் பிடித்தால் மற்றொன்று. ஒன்றை அணைத்துவிட்டு இரண்டும் அணைந்ததாக நினைப்பவர்கள் ஏராளம். கார் டெலிவரி கொடுக்கும்போது மாலை போட்டுப் படம் எடுக்க நேரம் இருக்கிற ஷோரூம்காரர்களுக்கு, இதைச் சொல்லிக்கொடுக்க ஐந்து நிமிடம் இருப்பதில்லை.

நடப்பது இதுதான். ரியர்வியூ கண்ணாடிக்குப் பின்னால், முன் கண்ணாடியோடு ஒட்டி ஒரு கேமரா இருக்கிறது. இந்த வசதிக்காக, கறுப்புச் சாலையில் வெள்ளைக் கோடு எங்கே என்று அது தேடுகிறது. இடப்பக்க ஓரக்கோட்டை நீங்கள் நெருங்கியதும், பவர் ஸ்டீயரிங் மோட்டாரிடம் 'வலப்பக்கம் திருப்பு' என்கிறது. நீங்கள் பஸ்ஸுக்கு வழி விடுகிறீர்கள் என்பது அதற்குப் புரியாது. அது திருப்பும் பக்கத்தில்தான் பஸ் வருகிறது.

அந்த இழுப்பு பெரிதல்ல. பொதுவாக 2 முதல் 3 நியூட்டன் மீட்டர், அதாவது ஸ்டீயரிங் விளிம்பில் ஒன்று ஒன்றரைக் கிலோ தொங்கவிட்டது போல. யாரும் கையால் வெல்லலாம். மலையில் சிக்கல் வேறு இடத்தில் வருகிறது. கொண்டை ஊசி வளைவில் கோடு கேமராவின் பார்வையை விட்டு விலகிவிடும். அதுவரை இழுத்தது சட்டென விட்டுவிடும். எதிர்த்துப் பிடித்திருந்த உங்கள் கையின் பலம் முழுவதும் இடப்பக்கம், ஓடையை நோக்கிப் போகும். மூடுபனியிலும், மரநிழல் கோடுகோடாக விழும் இடங்களிலும், விரிசலை அடைத்த தார்ப்பட்டைகளிலும் இதேதான். பழைய கோட்டை அழிக்காமல் பக்கத்திலேயே புதுக்கோடு அடித்துவிட்டுப் போகும் ஒப்பந்தக்காரர்களைக் கேமராவாலும் திருத்த முடியாது.

அணைக்க ஸ்டீயரிங் பொத்தான் அல்லது திரையிலுள்ள மெனு போதும். 'நிரந்தரமா எடுத்துத் தரேன்' என்று கேமரா வயரைப் பிடுங்கும் கடைக்குப் போகாதீர்கள். முன்னால் வாகனம் இருந்தால் தானாகப் பிரேக் பிடிக்கும் வசதியும் அதே கேமராவை நம்பித்தான் பெரும்பாலும் இருக்கிறது. மலையில் அது வேண்டும். அணைத்த பிறகு காரை நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் செய்து பாருங்கள். சில கார்களில் அது தானாகவே மீண்டும் ஆன் ஆகிவிடும். கையை எடுத்தால் வரும் எச்சரிக்கையை ஏமாற்ற, ஸ்டீயரிங்கில் மாட்டும் எடைக்கட்டி விற்கிறார்கள். அதை எந்தச் சாலையிலும் மாட்டாதீர்கள்.

கண்ணாடி விஷயம் தனி. பஸ்ஸுக்கு ஒதுங்கும்போது மட்டும் இழுத்தால் அதற்குக் கண்ணாடி காரணமில்லை. ஆனாலும் கண்ணாடி மாற்றியபின் கேமராவுக்கு காலிப்ரேஷன், அதாவது அது பார்க்கும் கோணத்தைச் சரிபார்த்து அமைப்பது, செய்தே ஆக வேண்டும். கேமரா ஒரே ஒரு டிகிரி திரும்பியிருந்தாலும் 30 மீட்டர் தூரத்தில் கோடு அரை மீட்டர் தள்ளித் தெரியும். 'எர்ரர் லைட் எரியலயே, தேவையில்ல' என்பார்கள், நம்பாதீர்கள். இவ்வளவு சிறிய பிசகுக்கு விளக்கு எரிய வேண்டும் என்றில்லை. கண்ணாடி மாற்றிய பில்லை எடுத்து, காலிப்ரேஷன் தனி வரியாக இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் செய்யவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸ் கிளெய்மில் கண்ணாடிக்கு ஒப்புக்கொண்டு, இதை விட்டுவிட்டுக் கணக்கை முடிக்கும் இடைத்தரகர்களால்தான் பலருக்கு இந்த நிலை.

காலிப்ரேஷனில் இரண்டு வகை உண்டு. ஒன்று, சமதளத் தரையில் அளந்து வைத்த பலகையைக் காட்டிச் செய்வது. மற்றது, கோடு தெளிவான சாலையில் குறிப்பிட்ட வேகத்தில் ஓட்டிச் செய்வது. இரண்டாவது வகை மலையில் முடியாது, கீழே இறங்கித்தான் ஆக வேண்டும். இறங்கியதும் நேர்ச்சாலையில், இரு கோடும் தெரியும் இடத்தில் ஆன் செய்து பாருங்கள். கார் எப்போதும் ஒரே பக்கக் கோட்டை ஒட்டியே போனால் அணைத்துவிட்டுப் பாருங்கள். அப்போதும் சாய்ந்தால் டயர் காற்றையும் வீல் அலைன்மென்ட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். அணைத்ததும் நேராகப் போனால், கண்ணாடி மாற்றியவரிடம் பில்லோடு திரும்பிப் போய் காலிப்ரேஷன் செய்து தரச் சொல்லுங்கள்.