டிசியில் கையெழுத்துப் போடும் முன் பிறந்த தேதியைப் பாருங்கள்

கேள்வி: என் மகள் திண்டுக்கல்லில் ஒரு தனியார் மெட்ரிக் பள்ளியில் எல்கேஜியிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை படித்தாள். கணவருக்கு வேலை போய்விட்டதால் 18,500 ரூபாய் ஃபீஸ் பாக்கி. ஆறாம் வகுப்புக்கு அரசுப் பள்ளியில் சேர்க்க டிசி கேட்டால், பணத்தைக் கட்டு என்கிறார்கள். முதல்வர் பத்துப் பெற்றோர் முன்னால் "படிக்க வைக்க வக்கில்லாதவர்கள் எதற்கு இங்கே வந்தீர்கள்" என்று கேட்டார். அன்று இரவு நான் தூங்கவே இல்லை. பிறப்புச் சான்றிதழில் மகளின் பிறந்த தேதி 14.9.2016, பள்ளிக் கணக்கில் 14.6.2016. எல்கேஜி சேர்க்கும்போது அலுவலகத்தில் இருந்தவர் சொல்லி அப்படி எழுதினோம். அது பெரிய விஷயம் இல்லை என்று நினைக்கிறேன். பள்ளி மீது வழக்குப் போட்டு டிசியும் நஷ்டஈடும் வாங்க முடியுமா?

பதில்: பெரிய விஷயம் இல்லை என்று நீங்கள் ஒதுக்கிய அந்த மூன்று மாதம்தான் அம்மா, உங்கள் பிரச்சினையே. மற்றதெல்லாம் தீரக்கூடியது.

முதல்வர் பேசியது தப்பு. ஆனால் அதை வைத்து நஷ்டஈட்டு வழக்குப் போடாதீர்கள். அந்தப் பத்துப் பெற்றோரில் ஒருவர்கூட சாட்சிக்கு வரமாட்டார், அவர்கள் பிள்ளைகள் அங்கேதான் படிக்கிறார்கள். இதற்கு மேல் அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை.

டிசி விஷயத்தில் சட்டம் உங்கள் பக்கம். கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 5 படி, எட்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளை அரசுப் பள்ளிக்கு மாற விரும்பினால் தலைமை ஆசிரியர் உடனே டிசி கொடுக்க வேண்டும். டிசி வரவில்லை என்று சொல்லி புதுப் பள்ளி சேர்க்கையைத் தள்ளிப்போடவும் கூடாது. ஃபீஸ் வசூலிக்க டிசியைப் பிடித்து வைக்கக் கூடாது, பாக்கி இருந்தால் அதற்குரிய வழியில் தனியாக வசூலித்துக்கொள்ள வேண்டும் என்று 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆக, ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் மகளை அரசுப் பள்ளியில் உட்கார வைத்துவிடுங்கள். பிறப்புச் சான்றிதழின் நகலும் சேர்க்கை மனுவும் போதும். (தனியார் பள்ளியிலிருந்து இன்னொரு தனியார் பள்ளிக்கு மாறுபவர்கள் இந்தப் பிரிவு 5ஐ நம்பக் கூடாது, அது அவர்களுக்குப் பொருந்தாது.)

இதில் உங்களுக்குக் கிடைக்கும் லாபம் அவகாசம் மட்டும்தான். பிள்ளை வீட்டில் உட்கார்ந்திருக்கவில்லை என்றால் டிசிக்கு நீங்கள் அவசரப்பட வேண்டியதில்லை. அவசரப்படவும் கூடாது, ஏன் என்று சொல்கிறேன்.

நம் ஊர் டிசி படிவத்தைப் பார்த்திருப்பீர்கள். பெயர், பெற்றோர் பெயர், மதம், சாதி என்று போய், பிறந்த தேதி எண்ணிலும் எழுத்திலும் இருக்கும். அடியில் பெற்றோர் கையெழுத்துப் போடும் இடத்துக்கு மேலே சின்ன எழுத்தில் ஓர் உறுதிமொழி உண்டு. 2 முதல் 7 வரையிலான பதிவுகள் சரியானவை, எதிர்காலத்தில் மாற்றம் எதுவும் கேட்க மாட்டேன் என்று அதில் இருக்கும். பிறந்த தேதி அந்த 2 முதல் 7க்குள்தான் வருகிறது. டிசி கையில் வந்தால் போதும் என்ற நிம்மதியில் யாரும் அதைப் படிப்பதில்லை, ஜன்னலோரம் நின்றபடியே கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுவார்கள். இதே மாதிரி இன்னொரு கையெழுத்து ஏற்கெனவே 2019ல் எல்கேஜி விண்ணப்பத்தில் உங்கள் கணவர் போட்டிருப்பார், அநேகமாக அதிலும் இதே வாசகம் இருக்கும். ஜூலை 31க்குள் 3 வயது முடிய வேண்டும் என்ற கணக்குக்காக அலுவலகத்தில் ஒருவர் யோசனை சொன்னார் என்கிறீர்கள், சரி, நடந்திருக்கும். ஆனால் காகிதத்தில் இருப்பது உங்கள் வீட்டுக் கையெழுத்து.

இப்போது என்னிடம் வந்த ஒரு குடும்பத்தின் கதையைக் கேளுங்கள், விவரங்களை மாற்றித்தான் சொல்கிறேன். உங்களைப் போலவே ஃபீஸ் தகராறு. வேறொரு வக்கீல் மூலம் உயர் நீதிமன்றத்தில் ரிட் போட்டார்கள், மூன்று வாரத்தில் டிசி கொடுக்க உத்தரவு வந்தது. பள்ளியும் கொடுத்தது, தன் சேர்க்கைப் பதிவேட்டில் இருந்த தேதியைப் போட்டு. மனுவில் யாரும் தேதியைப் பற்றி ஒரு வரி கேட்கவில்லை. பையன் புதுப் பள்ளியில் சேர்ந்தான், அங்கேயும் அதே தேதி ஏறியது. பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் கணினிப் பதிவான எமிஸில் ஒரு பிள்ளைக்கு எண் ஒன்றுதான், பள்ளி மாறினால் பழைய பள்ளி பொதுத் தொகுப்புக்கு விடுவிக்கும், புதுப் பள்ளி அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். தேதியும் கூடவே வரும். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கான பெயர்ப்பட்டியல் எமிஸ் விவரத்தை வைத்துத்தான் தயாராகிறது. அப்படியே மதிப்பெண் சான்றிதழில் அச்சாகிவிட்டது. பாஸ்போர்ட்டில் பிறப்புச் சான்றிதழ் தேதி, சான்றிதழில் வேறு தேதி.

பிறகு பழைய பள்ளிக்கு எழுதினார்கள். பெற்றோர் கையெழுத்திட்ட விண்ணப்பத்தின்படியே பதிவு செய்தோம், வேறு எதுவும் செய்ய இயலாது என்று நாலு வரியில் பதில் வந்தது. நீதிமன்றம் வரை இழுத்த குடும்பத்துக்காக அந்த முதல்வர் ஏன் சிரமப்பட வேண்டும்? கடைசியில் உரிமையியல் நீதிமன்றத்தில் பிறந்த தேதியை அறிவிக்கக் கோரி வழக்கு. அரசும் தேர்வுத்துறையும் எதிர்த்தரப்பு என்பதால் வழக்குக்கு முன்னால் இரண்டு மாத நோட்டீஸ், அப்புறம் வாய்தா மேல் வாய்தா. பையன் கல்லூரிக்கே போய்விட்டான், வழக்கு நடந்துகொண்டிருக்கிறது.

ஐந்தாம் வகுப்பில் ஒரு கடிதத்தில் முடிந்திருக்க வேண்டியது அது. பத்தாம் வகுப்புச் சான்றிதழ் அச்சாவதற்கு முன் என்றால், மூலப் பதிவேடு வைத்திருக்கும் பள்ளியின் தலைமை ஆசிரியர் முன்மொழிந்து மாவட்டக் கல்வி அலுவலர் ஒப்புதல் தந்தால் திருத்திவிடலாம். அந்த மூலப் பதிவேடு உங்கள் விஷயத்தில் யாரிடம் இருக்கிறது? நீங்கள் வழக்குப் போட நினைக்கும் அதே முதல்வரிடம்.

அதனால் வெளிப்படையாகச் சொல்கிறேன், சமாதானமாகப் போங்கள். 18,500 ரூபாய் நீங்கள் கட்ட வேண்டிய பணம்தான், டிசியைப் பிடித்து வைக்கக் கூடாது என்பதால் கடன் இல்லாமல் போய்விடாது. இரண்டு மூன்று தவணையாகக் கட்டுகிறேன் என்று எழுதிக் கொடுங்கள், ஒவ்வொரு தவணைக்கும் ரசீது வாங்குங்கள். அதே நாளில் தனியாக இன்னொரு கடிதம் கொடுங்கள், பிறப்புச் சான்றிதழ் நகலை இணைத்து, சேர்க்கையின்போது பிறந்த தேதி தவறாகப் பதிவாகியிருக்கிறது, திருத்துவதற்கான முன்மொழிவை மாவட்டக் கல்வி அலுவலருக்கு அனுப்பித் தாருங்கள் என்று. பள்ளிதான் தப்பாக எழுதியது என்று அதில் எழுதாதீர்கள். அது பொய், கையெழுத்து உங்கள் பக்கம் இருக்கிறது, அந்த ஒரு வரிக்காகவே அவர்கள் கோப்பை மூடிவிடுவார்கள். இரண்டு கடிதத்துக்கும் நகலில் பள்ளி முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள், தர மறுத்தால் ஸ்பீட் போஸ்டில் ஒப்புகையோடு அனுப்புங்கள். தேதி திருத்தப்பட்ட பிறகுதான் டிசி. அதுவரை யார் கூப்பிட்டாலும் போய்க் கையெழுத்துப் போடாதீர்கள்.

சரியான தேதி வந்தால் வயது குறைந்து மகளை ஒரு வகுப்பு இறக்கிவிடுவார்களோ என்ற பயத்திலேயே பலர் இதைத் தொடுவதில்லை. உங்கள் மகளுக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 14.9.2016 என்றே வைத்தாலும், 2031 மார்ச்சில் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதும்போது 14 வயது ஆறு மாதம். 2033ல் பிளஸ் டூ முடிக்கிறாள், நீட் எழுதுவதாக இருந்தால் அந்த ஆண்டு டிசம்பர் 31க்குள் 17 முடிந்திருக்க வேண்டும், முடிந்துவிடுகிறது. உண்மையான தேதியால் அவளுக்கு எந்த நஷ்டமும் இல்லை.

இதற்கு மாறாக இரண்டு குறுக்குவழிகளை யாராவது உங்களிடம் சொல்வார்கள். ஒன்று, ஆதாரில் தேதியை மாற்றிப் பள்ளிக் கணக்கோடு பொருத்திவிடுவது. ஆதார் பிறந்த தேதிக்கு ஆதாரம் ஆகாது, அதில் தேதி மாற்றுவதும் சாதாரணமாக ஒரே ஒரு முறைதான், அந்த வாய்ப்பைத் தப்பான தேதிக்குச் செலவழித்துவிடாதீர்கள். இன்னொன்று இதைவிட மோசம். சொந்த ஊரில், பிறப்பைப் பதியவே இல்லை என்று உறுதிமொழி கொடுத்து, தாமதப் பதிவில் 14.6.2016க்கு இரண்டாவது பிறப்புச் சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்று ஏஜென்ட் ஒருவர் வருவார். ஒரே குழந்தைக்கு இரண்டு பிறப்புப் பதிவு என்பது குற்ற வழக்கு, மாட்டுவது நீங்களும் உங்கள் கணவரும்தான், அந்த ஏஜென்ட் அன்றைக்கு இருக்க மாட்டார். பிறந்த ஆஸ்பத்திரி மூலம் முதலில் பதிவானதுதான் சரியான சான்றிதழ், மற்றவை அதற்குத்தான் பொருந்த வேண்டும்.

அரசுப் பள்ளிச் சேர்க்கை மனுவைப் பூர்த்தி செய்யும்போது பிறப்புச் சான்றிதழ் தேதியையே எழுதுங்கள். பழைய பள்ளியில் வேறு தேதி இருக்கிறது, திருத்தத்துக்கு விண்ணப்பித்திருக்கிறோம் என்று தலைமை ஆசிரியரிடம் சொல்லி, ஒப்புகை நகலையும் கொடுத்துவிடுங்கள். எமிஸில் தேதி மாறிவிட்டதா என்று அவரிடமே திரையில் பார்த்து உறுதி செய்யுங்கள், காகிதத்தில் மாறி எமிஸில் மாறாமல் இருந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். கையோடு பெயரின் எழுத்து, இனிஷியல் இரண்டும் பிறப்புச் சான்றிதழோடு ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள், திருத்தம் கேட்பது என்றால் எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் கேட்டுவிடலாம். சாதிக் கட்டத்தைப் பற்றிக் கவலை வேண்டாம், அதற்குச் சான்று தாசில்தார் தரும் சான்றிதழ்தான், டிசி அல்ல.

இவ்வளவுக்கும் பிறகு, பணத்தை வாங்கிக்கொண்டு முன்மொழிவு அனுப்ப மாட்டேன் என்று பள்ளி சொன்னால், தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலரிடம் நேரடியாக மனு கொடுங்கள். ஒரு மாதம் பார்த்தும் அசையவில்லை என்றால் ரிட்டுக்கு வாருங்கள். மனுவில் டிசி கேட்கும் வரிக்கு முன்னால் தேதித் திருத்தம் கேட்கும் வரி இருக்கிறதா என்று உங்கள் வக்கீலிடம் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.