தண்ணீராகாத ஐஸ் காபி: கேள்வி பதில்

கேள்வி: அக்கா, காலையில் போடும் அதே ஃபில்டர் காபியில்தான் ஐஸ் போடுகிறேன். பாதி குடிப்பதற்குள் கழுநீர் மாதிரி ஆகிவிடுகிறது. ஐஸைக் குறைத்தும் பார்த்துவிட்டேன், பலனில்லை.

பதில்: ஐஸைக் குறைத்தால் போட்டது முழுவதும் உருகிவிடும், காபியும் வெதுவெதுப்பாகவே நிற்கும். சூட்டைத்தான் முதலில் குறைக்க வேண்டும். சுடச்சுடக் கலந்த 100 மி.லி. காபியை நன்றாகக் குளிரவைக்க ஏறத்தாழ 90 கிராம் ஐஸ் உருகியாக வேண்டும். காபிக்குச் சமமாகத் தண்ணீர் சேர்ந்துவிடுகிறது என்று அர்த்தம். அறைச் சூட்டுக்கு ஆறிய காபி என்றால் 25 கிராம் சொச்சம் உருகும். ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தது என்றால் அதுவும் இல்லை. டிகாக்ஷன், பால் இரண்டையும் தனித்தனியே ஃபிரிட்ஜில் குளிரவைத்துக் கலந்து பாருங்கள். பாதிப் பிரச்சினை அதிலேயே தீர்ந்துவிடும். சர்க்கரையை டிகாக்ஷன் சூடாக இருக்கும்போதே கரைத்துவிடுங்கள், குளிர்ந்த பிறகு அடியில் தங்கிவிடும். குளிர்ச்சியில் இனிப்பு மந்தமாகத் தெரியும் என்பதால் வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதலாகவே போடலாம்.

கேள்வி: டிகாக்ஷனை அடுப்பில் வைத்துச் சுண்டக் காய்ச்சினால் கெட்டியாகிவிடுமே? நான் அப்படித்தான் செய்கிறேன். கொஞ்சம் கசக்கிறது, அவ்வளவுதான்.

பதில்: கெட்டியாகும், அது உண்மை. ஆனால் மணம் ஆவியோடு போய்விடும், கசப்பு மட்டும் தங்கும். கெட்டி டிகாக்ஷன் வேண்டுமென்றால் தூளைக் கூட்ட வேண்டும். 30 கிராம் தூளுக்கு 160 மி.லி. கொதிநீர் ஊற்றினால், தூள் ஏறத்தாழ 60 மி.லி. தண்ணீரைக் குடித்துக்கொண்டு, கீழே 100 மி.லி. அளவுக்கு டிகாக்ஷன் இறங்கும். ஃபில்டரின் குடையால் தூளை லேசாகச் சமன்படுத்தினால் போதும். அழுத்திவிட்டால் தண்ணீர் மேலேயே நின்றுவிடும். சரசரவென்று சில நிமிடங்களில் இறங்கிவிட்டால் தூள் கொரகொரவென்று இருக்கிறது, டிகாக்ஷனும் நீர்க்கத்தான் இருக்கும். சொட்டுச் சொட்டாக நிதானமாக இறங்க வேண்டும்.

சிக்கரி அதிகம் கலந்த தூளில் டிகாக்ஷன் கறுப்பாகத் தெரியும். நிறத்தைப் பார்த்துக் கெட்டி என்று நம்பிவிடாதீர்கள். ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கேள்வி: காபியிலேயே ஐஸ் கட்டி செய்யலாம் என்று கேள்விப்பட்டு முதல் டிகாக்ஷனை அப்படியே ட்ரேயில் ஊற்றி உறையவைத்தேன். குடிக்கக் குடிக்கக் காபி கடுத்துக்கொண்டே போகிறது. எங்கே தவறு?

பதில்: கட்டி மட்டுமீறிக் கெட்டியாக இருப்பதுதான் காரணம். டம்ளரில் இருக்கும் காபியின் திடம் எதுவோ, ஏறக்குறைய அதே திடம் கட்டிக்கும் இருந்தால் போதும். இதற்கு வீட்டிலேயே கைவசம் இருப்பது இரண்டாம் டிகாக்ஷன். அதை ஆறவைத்து, உறையும்போது உப்பும் என்பதால் ட்ரேயில் விளிம்புவரை ஊற்றாமல் வையுங்கள். இரண்டாம் டிகாக்ஷன் இல்லையென்றால் முதலாவதை இரண்டு பங்கு தண்ணீரில் கலக்கலாம்.

கட்டியை உடைத்துப் பாருங்கள். ஓரம் வெளிறியும் நடுவில் கருஞ்சிவப்பாகவும் இருக்கும். தண்ணீர் முதலில் உறைந்து காபியை நடுவுக்குத் தள்ளிவிடுகிறது. உருகும்போது கெட்டியான பகுதி முந்திக்கொள்ளும் என்பதால், கடைசியில் டம்ளரில் வெளிறிய துண்டுகள் மிஞ்சும். அது இயல்புதான்.

என் அளவு இது: குளிர்ந்த முதல் டிகாக்ஷன் 50 மி.லி., குளிர்ந்த பால் 100 மி.லி., காபிக் கட்டி நான்கு. முதலில் கட்டி, அதன்மேல் டிகாக்ஷன், கடைசியில் பால்.

கேள்வி: எங்கள் வீட்டு ஃப்ரீசரில் எப்போதும் மீன் இருக்கும். காபிக் கட்டியிலும் அந்த வாடை!

பதில்: திறந்த ட்ரே வாடையை வாங்கிக்கொள்ளும். உறைந்ததும் கட்டிகளைக் கழற்றி, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு மூடிவையுங்கள். ஒரு வாரத்துக்கு வேண்டிய அளவு மட்டும் செய்துகொள்ளுங்கள். வாடை ஏறிய கட்டியைக் கொட்டிவிடுவதே நல்லது.

கேள்வி: ஐஸ்கிரீம் போட்டு மிக்ஸியில் அடிக்கும் கோல்டு காபிக்கும் இதே அளவுதானா, அம்மா?

பதில்: அது வேறு. மிக்ஸியில் கட்டி தூளாகி உடனே கரைந்துவிடும். அங்கே கட்டிதான் காபியே. அதற்கு மட்டும் முதல் டிகாக்ஷனில் செய்த கட்டியைப் போடலாம்.

கேள்வி: ஜப்பானிய முறையில் சூடான காபியை நேராக ஐஸ் மேலேயே வடிக்கிறார்கள். உடனே குளிர்வதால் மணம் பிடிபடுகிறது. ஃபிரிட்ஜில் மணிக்கணக்கில் வைத்தால் அது போய்விடாதா?

பதில்: நீங்கள் சொல்வது சரி. அதில் ஊற்ற வேண்டிய தண்ணீரில் ஒரு பகுதியை ஐஸாகவே கணக்கில் எடுத்துக்கொள்வதால் நீர்த்தும் போகாது. பால் சேர்க்காத காபிக்கு நான் அதையே சொல்வேன். நம் ஃபில்டரில் மெதுவாகச் சொட்டும் டிகாக்ஷன் கீழே வந்து சேர்வதற்குள்ளேயே சூடு தணிந்துவிடுகிறது, அங்கே அந்த ஆதாயம் எவ்வளவு மிஞ்சும் என்பதில் எனக்குச் சந்தேகம். மூடி போட்டு, அன்றைய டிகாக்ஷனை அன்றே தீர்த்துவிட்டால் பாலோடு சேர்ந்த காபியில் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. உங்கள் நாக்குக்குத் தெரிந்தால், அடுத்த முறை கீழ்ப்பாத்திரத்தில் இரண்டு காபிக் கட்டியைப் போட்டு அதன்மேல் டிகாக்ஷன் இறக்கிப் பார்த்துச் சொல்லுங்கள்.