வரன் அமைந்தாயிற்று, வேலையும் கிடைத்தாயிற்று: கட்டிய திட்டத்தை எப்படி நிறுத்துவது?

மகளுக்கு வரன் அமைந்ததும் திருமணத் தளத்தில் அவள் புரொஃபைலை அழித்துவிட்டோம். ஆப்பையும் போனிலிருந்து எடுத்துவிட்டோம். ஆனாலும் மூன்று மாதத் திட்டம் முடிந்த அன்று மறுபடியும் பணம் பிடித்துவிட்டார்கள். இப்போது லாகின் செய்யவும் முடியவில்லை. என்ன செய்வது?

எனக்கு அடிக்கடி வரும் கேள்வி இது. புரொஃபைல் இருப்பது தளத்திடம். பணம் எடுக்க நீங்கள் கொடுத்த அனுமதி இருப்பது உங்கள் யுபிஐ ஆப்பிலோ, வங்கியிலோ, ப்ளே ஸ்டோரிலோ. முன்னதை அழித்தால் பின்னது தானாகப் போய்விடாது. அதனால் எப்போதும் அனுமதியை முதலில் ரத்து செய்யுங்கள். புரொஃபைலை அதற்குப் பிறகு அழிக்கலாம்.

பணம் எந்த வழியாகப் போனது என்று வங்கிக் கணக்கில் பாருங்கள். யுபிஐ என்றால், உங்கள் ஆப்பில் Autopay அல்லது Mandates என்ற பகுதியில் அந்தத் தளத்தின் பெயர் இருக்கும்; யுபிஐ பின் எண் போட்டு அங்கேயே ரத்து செய்யலாம். லாகின் தேவையில்லை. கூகுள் வழியாகக் கட்டியிருந்தால் ப்ளே ஸ்டோரில் Subscriptions பகுதிக்குப் போங்கள். கார்டு என்றால், தானாகப் பணம் எடுக்க நீங்கள் கொடுத்த அனுமதியான இ-மேண்டேட்டை நிறுத்தச் சொல்லி வங்கியிடம் கேளுங்கள். இப்படித் தானாகப் பிடிக்கும் பணத்துக்கு, குறைந்தது 24 மணி நேரம் முன்பே தகவல் வரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்த எஸ்எம்எஸ்ஸை விளம்பரம் என்று நினைத்து அழித்துவிடுகிறோம், தேடிப் பாருங்கள்.

போன பணத்தைக் கேட்க உங்கள் கையில் நல்ல ஆதாரம் இருக்கிறது. மார்ச் 5 அன்று புரொஃபைல் அழிந்ததாக மெயில் வந்து, ஏப்ரல் 20 அன்று பணம் பிடித்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். புரொஃபைலே இல்லாதவருக்கு எந்தச் சேவையும் தந்திருக்க முடியாது. இந்த இரண்டு தேதிகளையும் எழுதி, பதிவு செய்த அதே மெயில் ஐடியிலிருந்து தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு அனுப்புங்கள். 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி 24 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகச் சொல்லி, 7 நாளில் தீர்வு தரவேண்டும். தராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ப்ளே ஸ்டோர் வழியாகக் கட்டியவர்கள், பணம் பிடித்து 48 மணி நேரத்துக்குள் என்றால் நேராக கூகுளிடமே கேட்கலாம்.

திட்டத்தில் இன்னும் இரண்டு மாதம் மிச்சம். அந்தப் பணம் திரும்பக் கிடைக்குமா?

பெரும்பாலும் கிடைக்காது. பெரும்பாலான தளங்கள் வரன் அமைந்ததைக் காரணமாக ஏற்பதில்லை. புரொஃபைலை அழித்தால் மிச்சமுள்ள நாட்களும் அதோடு போய்விடும். அதனால் நிச்சயதார்த்தம் வரை மறைத்து மட்டும் வைத்திருங்கள், அவசரப்பட்டு அழிக்க வேண்டாம்.

அழித்து ஒரு மாதம் ஆகியும் வரன் கேட்டு போன் வருகிறதே?

அழிப்பதற்கு முன்பே உங்கள் எண்ணைப் பார்த்துக் குறித்துக்கொண்டவர்கள் அவர்கள். ஜாதகத்தை டவுன்லோட் செய்து உறவினர்களுக்கு வாட்ஸப்பில் அனுப்பியவர்களும் இருப்பார்கள். அந்தப் பிரதிகள் எதுவும் தளத்தின் கையில் இல்லை. "முடிவாகிவிட்டது, நன்றி" என்று ஒரு வரி பதில் அனுப்பினால் அழைப்புகள் மெல்லக் குறையும்.

இரண்டு விஷயங்களைச் சரிபாருங்கள். ஒரே நிறுவனம் சமூகவாரியாகப் பல தளங்கள் நடத்துவது உண்டு. இன்னொன்றில் உங்கள் புரொஃபைல் உயிரோடு இருக்கலாம். அடுத்து, நீங்கள் அழுத்தியது உண்மையிலேயே Delete தானா? மறைத்தாலோ தற்காலிகமாக முடக்கினாலோ, மறுபடி லாகின் செய்ததும் பழைய புரொஃபைல் அப்படியே திரும்பி வரும். முழுமையாக அழித்தாலும் உங்கள் பதிவு விவரங்களைத் தளம் 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று அதே 2021 விதிகள் சொல்கின்றன. போலி புரொஃபைல் போட்டு ஏமாற்றுகிறவர் அழித்துவிட்டு ஓடினால், போலீஸ் தேட அது தேவைப்படும். மற்றவர்கள் கண்ணில் அது படாது, பயப்பட வேண்டாம்.

புது வேலையில் சேர்ந்துவிட்டேன். வேலைத் தளத்தில் என் ரெஸ்யூமே இன்னும் இருக்கிறது. புது கம்பெனி ஹெச்.ஆர். கண்ணில் பட்டால்?

படும். ஆள் தேடும்போது அவர்களும் அதே தளத்தில்தான் தேடுகிறார்கள். இதில் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. புது கம்பெனியின் பெயரைச் சேர்த்துவிடலாம் என்று உள்ளே போய்த் திருத்தினால், "சமீபத்தில் புதுப்பித்தவர்" என்று தேடலில் மேலே வந்துவிடுவீர்கள். வேலை மாறத் தயாராக இருப்பதாகத்தான் அதைப் பார்ப்பார்கள். எதையும் திருத்தாமல், புரொஃபைலை யாரும் தேட முடியாதபடி மறைத்துவிடுங்கள். வேலை உறுதியாகும் வரை அழிக்க வேண்டாம் என்பது என் கருத்து. தேவைப்பட்டால் மறுபடி முதலிலிருந்து எழுத வேண்டியிருக்காது. காசு கட்டி வாங்கிய "முன்னுரிமை" சேவை இருந்தால், மேலே சொன்னபடி ஆட்டோபேயையும் பாருங்கள்.

அழிக்கும்போது "எங்கள் தளத்தில்தான் வரன் அமைந்தது" என்று படம் போடச் சொல்கிறார்கள். பரிசும் உண்டாம். போடலாமா?

கொடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. வேறு காரணத்தைத் தேர்ந்தெடுத்தும் அழிக்கலாம். கொடுப்பதென்றால் மாப்பிள்ளை, பெண் இருவரும் சம்மதிக்க வேண்டும். அந்தப் படம் விளம்பரமாகப் போகும். புரொஃபைலை அழித்தாலும் அது அழியாது. எடுக்க வேண்டுமென்றால் அதற்குத் தனியாக எழுதிக் கேட்க வேண்டியிருக்கும்.