பிளான் அப்ரூவல்: ஃபைல் எங்கே நிற்கிறது?

நகராட்சியில் கொடுத்த வரைபடம் 'அளவு வேறுபாடு' என்று இரண்டு தடவை திரும்பிவிட்டது. பத்திரத்தில் 30-க்கு 60 அடி என்று தெளிவாக இருக்கிறதே?

பத்திரம் மட்டும் போதாது. நீங்கள் பட்டாவாக அனுப்பிய நகர நில அளவைப் பதிவேட்டு நகலில் 162 சதுர மீட்டர் என்று இருக்கிறது. பத்திரத்தின் 1,800 சதுர அடி என்பது 167 சதுர மீட்டர். பத்திரம், பட்டா, தரையில் அளந்தது ஆகிய மூன்றில் எது குறைவோ, அதை வைத்துத்தான் கணக்குப் பார்ப்பார்கள். நீளம் 60 அடி சரியென்றால், 162 சதுர மீட்டருக்கு அகலம் 29 அடிதான் வரும். அந்த ஓர் அடி குறைவது, கிழக்கே எல்லையை ஒட்டிக் காலியாக விடுவதாக உங்கள் பொறியாளர் காட்டியிருக்கும் 1 மீட்டர் செட்பேக்கில். தரையில் அது 70 சென்டிமீட்டர்தான் இருக்கும்.

முதலில் சர்வேயரை வைத்து அளந்து கல் போடுங்கள். 29 அடிதான் என்றால் கட்டடத்தைக் குறுக்கி வரையச் சொல்லுங்கள். தரையில் 30 அடியே இருந்தால், தாலுகா அலுவலகத்தில் பதிவேட்டைத் திருத்திய பிறகுதான் ஃபைல் நகரும். இன்னொன்று, படத்தைத் திருத்தியவர்கள் ஓரத்தில் உள்ள பரப்பளவு அட்டவணையையும் விண்ணப்பத்தையும் பழைய எண்ணோடு விட்டுவிடுவதுண்டு. மூன்றாவது தடவை திரும்புவது பெரும்பாலும் இதனால்தான்.

சைட் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருகிறார்கள். பின்பக்கம் பழைய ஓட்டு ஷெட் இருக்கிறது. பரவாயில்லையா?

வரைபடத்தில் ஷெட் இருந்தால் பரவாயில்லை. 'இடிக்கப்படும்' என்று குறித்துக் காட்டியிருக்க வேண்டும். காட்டாத கட்டுமானம் இருந்தால் ஆய்வாளர் அதையே குறையாக எழுதுவார். அஸ்திவாரத்தை மட்டும் முன்கூட்டியே தோண்டவே தோண்டாதீர்கள். அது அனுமதியில்லாத கட்டுமானமாகிவிடும்.

பக்கத்து வீட்டுக்காரர் ஆட்சேபனை மனு கொடுத்திருக்கிறார். அனுமதி நின்றுவிடுமா?

மனுவின் நகலை வாங்கி, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 'செட்பேக் விடவில்லை' என்றால் அது அலுவலகம் பார்க்க வேண்டிய விஷயம். சர்வே ஸ்கெட்சை இணைத்து எழுத்தில் பதில் கொடுங்கள், வாயால் சொன்னது ஃபைலில் ஏறாது. 'அந்த இடமே என்னுடையது' என்றால், உரிமையைத் தீர்மானிக்கும் அதிகாரம் நகராட்சிக்குக் கிடையாது, அதற்கு சிவில் நீதிமன்றம்தான். தடையுத்தரவு வந்தால் ஃபைல் நிற்கும். உங்களைக் கேட்காமல் உத்தரவு போடாதிருக்க, வக்கீல் மூலம் கேவியட் தாக்கல் செய்துவிடுங்கள். அது 90 நாள் செல்லும். வழக்கு வராவிட்டால் மறுபடி போட வேண்டும்.

இதை விட்டுவிட்டு சுயசான்று முறைக்கு மாறலாமா?

2024-ல் வந்த அந்த முறை, 2,500 சதுர அடி வரை மனையும் 3,500 சதுர அடி வரை கட்டடமும், தரைத்தளம் அல்லது அதோடு முதல் தளமும் உள்ள வீடுகளுக்கு. உடனே அனுமதி கிடைக்கும். ஆனால் அளவுக்குப் பொறுப்பு நீங்கள்தான். முதல் கேள்வியில் பார்த்த மாதிரி பட்டாவில் குறை இருந்தால், அதைத் தீர்த்த பிறகு மாறுங்கள்.