ஆல் ரிஸ்க்ஸ் என்றால் எல்லாமா? சரக்குக் காப்பீட்டுச் சான்றிதழ் பற்றிய கேள்வி பதில்

செல்லூர்: அண்ணே, காட்டன் துண்டு 900 பெட்டி, சிஐஎஃப் 20,000 டாலர், டிசம்பர்ல தூத்துக்குடியில ஏத்தி இங்கிலாந்து ஃபெலிக்ஸ்டோவுக்குப் போச்சு. 135 பெட்டி நனைஞ்சு பூஞ்சை பிடிச்சிருக்காம். பில்லுல கழிச்சுக்கிறேங்கிறார் பையர். சர்டிபிகேட்ல ஐசிசி ஏ, ஆல் ரிஸ்க்ஸ்னு இருக்கு. பணம் வந்துருமாண்ணே?

கழித்துக்கொள்ள ஒப்புக்கொண்டு ஒரு வரிகூட எழுதிவிடாதீர்கள். சரக்கு விலையோடு இன்சூரன்ஸும் கப்பல் கூலியும் சேர்ந்ததுதான் சிஐஎஃப், அதில் சரக்கு தூத்துக்குடியில் கப்பலேறியதும் அபாயம் பையருடையது. சான்றிதழின் பின்பக்கம் கையெழுத்திட்டு பேங்க் வழியாக அனுப்பியிருப்பீர்கள். கிளைம் கேட்கும் உரிமையும் அதோடு அவர் கைக்குப் போய்விட்டது. சான்றிதழின் முன்பக்கத்திலேயே, சேதமானால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று அந்த ஊர் சர்வே ஏஜென்ட்டின் பெயரும் முகவரியும் அச்சாகியிருக்கும். அவரை இன்றே கூப்பிடச் சொல்லுங்கள். சர்வேயர் பார்க்கும்வரை நனைந்த பெட்டிகளைத் தூக்கிப் போடக் கூடாது. காய்ந்ததையும் நனைந்ததையும் பிரித்து வைத்து மேற்கொண்டு கெடாமல் பார்த்துக்கொள்ளலாம், பார்த்துக்கொள்ளவும் வேண்டும்.

இன்னொன்று, கப்பல் கம்பெனிக்கு எழுத்தில் நோட்டீஸ். ஈரம் கண்ணுக்குத் தெரிந்தால் டெலிவரி எடுக்கும்போதே ரசீதில் எழுத வேண்டும். வெளியே தெரியாத சேதமென்றால் 3 நாளுக்குள். பெட்டி நனைந்திருக்கும்போது சுத்தமான ரசீதில் கையெழுத்துப் போட்டால், பின்னால் இன்சூரன்ஸ் கம்பெனி கப்பல்காரரிடம் வசூலிக்கும் வழியை நாமே அடைத்தவர்களாகிறோம். அந்தக் கோபம் கிளைமில்தான் வந்து விழும்.

பணம் வருமா என்பது தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதைப் பொறுத்தது. கடல் தண்ணீரா, கூரை ஓட்டை வழியே மழையா, கன்டெய்னருக்குள்ளேயே வியர்த்ததா? ஐசிசி என்ற சரக்குக் காப்பீட்டு நிபந்தனைகள் ஏ, பி, சி என மூன்று வகை. அதில் அகலமான ஏ-யில் முதல் இரண்டுக்கும் தகராறு இருக்காது. மூன்றாவதில்தான் வம்பு. நனைந்தவை மேல் அடுக்குப் பெட்டிகளா, அடி அடுக்கா என்று பையரிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

மேலூர்: பையர் பணமே தரலேன்னா இந்த சர்டிபிகேட்ல கேக்கலாமா?

முடியாது. அதற்கு ஏற்றுமதிக் கடன் காப்பீட்டு நிறுவனமான ஈசிஜிசியின் பாலிசி, வேறு ஆபீஸ்.

செல்லூர்: மேல் அடுக்குதாண்ணே. பெட்டியோட மேல்பக்கம் மட்டும் கோடு கோடா கறை. அடி அடுக்கு காஞ்சுதான் இருக்கு.

நல்ல செய்தி இல்லை. கன்டெய்னர் கூரைத் தகடு வரி வரியாக இருக்கும். வியர்வை அந்த வரிகளில் கோத்து, வரிசையாகச் சொட்டும். கீழே பெட்டி மேல் விழும் கறையும் அதே இடைவெளியில்தான் இருக்கும். கடல் தண்ணீர் உள்ளே வந்திருந்தால் பெரும்பாலும் அடி அடுக்கில் அலைக்கோடு மாதிரி ஒரு மட்டமும், காய்ந்த இடத்தில் உப்புப் பூத்ததும் தெரியும். கூரை ஓட்டை என்றால் ஒரே இடத்தில் கொத்தாக நனைந்திருக்கும். அதைப் பார்க்கச் சுலபமான வழி, காலி கன்டெய்னருக்குள் ஓர் ஆள் நிற்க, கதவை வெளியிலிருந்து சாத்துவது. ஊசிமுனை ஓட்டைகூட வெளிச்சப் புள்ளியாகத் தெரியும். கதவு ரப்பரின் கிழிசலும் அப்படியே.

சர்வேயர் சில்வர் நைட்ரேட் கரைசலில் ஒரு சொட்டு நனைந்த அட்டையில் விடுவார். பால் மாதிரி வெள்ளையானால் உப்பு இருக்கிறது, கடல் தண்ணீர் என்று சந்தேகிக்கலாம். வெள்ளையாகாவிட்டால் நல்ல தண்ணீர்: மழை அல்லது வியர்வை. காய்ந்த பெட்டி ஒன்றிலும் ஒரு சொட்டு விடச் சொல்லுங்கள். அட்டையிலேயே கொஞ்சம் உப்பு இருக்கலாம், தொட்ட கையின் வேர்வையும் வெள்ளை காட்டும். ஒப்பிட்டுப் பார்க்காத சோதனையை எதிர்த்தரப்பு ஒரு வரியில் தள்ளிவிடும்.

திருமங்கலம்: சார், குறுக்கே பேசுறேன். ஆல் ரிஸ்க்ஸ்னா, விலக்குல பேர் சொல்லாதது எல்லாம் கவர். விலக்குப் பட்டியல்ல 'வியர்வை'ங்கிற வார்த்தையே கிடையாது. பின்ன எதுக்குப் பயமுறுத்துறீங்க?

பாதி சரி. வியர்வை என்ற சொல் அங்கே இல்லை. ஆனால் 'இன்ஹெரன்ட் வைஸ்' இருக்கிறது, சரக்கின் சொந்தக் குணத்தால் வரும் கேடு. பருத்தி, தோல், மிளகாய் எல்லாமே காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். நம் ஊர்ச் சூட்டில் கதவை அடைத்த கன்டெய்னர் குளிர்காலத்து ஐரோப்பாவுக்குப் போகும்போது, துணி விடும் ஈரம் மேலே போய்க் குளிர்ந்த கூரையில் தண்ணீராகி அதே துணியின் மேல் விழுகிறது. தண்ணீர் மேலிருந்து விழுந்தாலும் அது சரக்கின் சொந்தத் தண்ணீர்தான் என்பது கம்பெனியின் வாதம்.

இது வெறும் வாதம் அல்ல. கல்கத்தாவிலிருந்து ராட்டர்டாம் போன தோல் கையுறைகளுக்கு இதுவே நடந்தது. நோட்டன் எதிர் ஹார்டிங் வழக்கில் 1990-ல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம், ஈரம் கையுறையிலிருந்தே வந்ததால் இது இன்ஹெரன்ட் வைஸ், காப்பீடு கிடையாது என்றது. பாலிசி ஆல் ரிஸ்க்ஸ்தான். நம் 1963 மரைன் இன்சூரன்ஸ் சட்டம் ஆங்கிலச் சட்டத்தின் அச்சிலேயே வார்த்தது. அந்தத் தீர்ப்புகளை இங்கேயும் எடுத்துக் காட்டுவார்கள்.

தூத்துக்குடி, ஷிப்பிங் ஆபீஸ்: அந்தக் கையுறை வழக்கை எல்லா வியர்வைக்கும் போர்வையா போத்தக் கூடாது. ஈரம் எங்கேயிருந்து வந்ததுங்கிறதுதான் அங்கேயே கேள்வி. யார்டுல கழுவி, பலகைத் தரை காயாம லைன்ல தர்ற கன்டெய்னர் உண்டு. பச்சைப் பேலட் கட்டையும் உண்டு. அந்தத் தண்ணி துண்டோட குணமா? அப்புறம் 2011-ல சென்டார் மோப்பு வழக்குல இங்கிலாந்து உச்ச நீதிமன்றம் இன்ஹெரன்ட் வைஸைச் சுருக்கிருச்சே.

தரை விஷயம் ஒப்புக்கொள்கிறேன். ஈரம் வெளியிலிருந்து வந்தது என்று காட்ட முடிந்தால் அது சரக்கின் குணமல்ல. விலக்கில் அடங்கும் என்று நிரூபிக்க வேண்டிய பாரமும் கம்பெனியுடையது. ஆனால் பேலட் கட்டை வேறு. அது உங்கள் பேக்கிங். ஐசிசி 2009 வாசகத்தில் பேக்கிங் போதாமை தனி விலக்கு. உங்கள் ஆட்களே கன்டெய்னரில் அடுக்கியிருந்தால் அந்த அடுக்கலும் பேக்கிங் கணக்கில் சேரும். ஒரு விலக்கிலிருந்து தப்பி இன்னொன்றில் விழுவீர்கள்.

சென்டார் மோப்பில் எண்ணெய்த் துரப்பண மேடையின் கால்களை அலை முறித்தது. வெளியிலிருந்து வந்த விபத்து என்று அங்கே சொல்ல முடிந்தது. இங்கே இருப்பது குளிர் மட்டுமே.

தூத்துக்குடி, ஷிப்பிங் ஆபீஸ்: குளிரும் வெளியிலேர்ந்து வர்றதுதானே?

ஜனவரியில் ஐரோப்பா குளிரும் என்பது எதிர்பாராத விபத்தா? நான் இல்லை என்பேன், நீங்கள் ஆமாம் என்பீர்கள். இதை இங்கே தீர்க்க முடியாது.

விருதுநகர்: எங்க மிளகாய் லோடு கப்பலுக்குப் போற வழியில கோவில்பட்டி பக்கம் லாரி கவுந்துருச்சு. எஃப்ஓபி வியாபாரம். பையர்தான் இன்சூரன்ஸ் போட்டிருக்கார். அதுல கிளைம் பண்ணலாம்ல?

அவர் பாலிசியில் உங்களுக்கு இடமில்லை. எஃப்ஓபியில் சரக்கு கப்பலில் ஏறும்வரை அபாயம் உங்களுடையது. லாரி கவிழ்ந்த நேரத்தில் அவருக்கு அந்தச் சரக்கில் இழக்க ஒன்றுமில்லை. குடோனிலிருந்து கப்பலேறும்வரை நீங்களே இன்லேண்ட் டிரான்ஸிட் போட்டிருக்க வேண்டும். போடவில்லையென்றால் மிச்சம் இருப்பது லாரிக்காரர் மேல் உள்ள கோரிக்கை. அதை இன்றே எழுத்தில் கொடுங்கள். சிதறிய மூட்டையை எண்ணாமல் ரசீதில் கையெழுத்துப் போடாதீர்கள்.

சின்னாளப்பட்டி: எங்க பெட்டிக்கு ஒண்ணுமே ஆகல. ஆனா கப்பல்ல தீப்பிடிச்சதுக்கு எங்ககிட்ட காசு கேக்குறாங்க. அநியாயமில்லையா?

ஜெனரல் ஆவரேஜ். கப்பலையும் சரக்கையும் காப்பாற்றச் செய்த தியாகத்தையும் செலவையும், தப்பித்த எல்லோரும் மதிப்புக்கு ஏற்பப் பகிர வேண்டும். 2021-ல் சூயஸில் சிக்கிய எவர் கிவன் கப்பலிலும் அறிவித்தார்கள். ஏ, பி, சி மூன்றிலும் இதற்குக் காப்பீடு உண்டு. பணம் கட்டாமல் பேப்பரைக் கம்பெனிக்கு அனுப்புங்கள், உத்தரவாதக் கடிதத்தை அவர்கள் கொடுப்பார்கள். சான்றிதழ் இல்லாதவர்தான் ரொக்கம் கட்டிச் சரக்கை எடுப்பார்.

செல்லூர்: கிளைம் தேறுச்சுன்னே வைங்க. எவ்வளவு வரும்?

சான்றிதழில் சிஐஎஃப்போடு 10 சதவீதம் சேர்த்து 22,000 டாலர் என்று இருக்கும். 900 பெட்டியும் ஒரே சரக்கு என்றால் 135 பெட்டியின் பங்கு 3,300. பூஞ்சை பிடித்த துண்டு சுத்தமாக வீணில்லை, துடைக்கும் துணியாக விற்கும். நல்ல நிலையில் 100-க்குப் போகும் துண்டு அந்த ஊரில் 40-க்குப் போனால் இழப்பு 60 சதவீதம், அதாவது 1,980. எக்ஸஸ் என்று ஒரு வரி இருக்கும், பாருங்கள். மொத்தத் தொகையில் அரை சதவீதம் என்றிருந்தால் 110 கழியும். கையில் 1,870. சர்வேயர் சம்மதமில்லாமல் பையர் வந்த விலைக்கு விற்றால் அந்த 40 என்ற எண்ணையே ஏற்க மாட்டார்கள்.

அருப்புக்கோட்டை: முருங்கைப் பொடி அனுப்பப் போறோம். ஏ போட்டா எல்லாம் கவர்தானே?

திருமங்கலத்துக்கு எழுதியதைப் படியுங்கள்.

உசிலம்பட்டி: ஏ-ல தாமதம் கவராகுமா? கப்பல் 20 நாள் லேட், சரக்குக்கு ஒண்ணும் ஆகல, சீசன் போயிருச்சு.

ஆகாது. கப்பல் மோதியதால் தாமதமானாலும், தாமதத்தால் வந்த நஷ்டம் விலக்குதான்.

வாடிப்பட்டி: ஏ-க்கும் சி-க்கும் பிரீமியம் கொஞ்சந்தான் வித்தியாசம். எல்லாத்துக்கும் ஏ-வே போட்டா எல்லாம் கவராயிரும்ல சார்?

ஏ-வே போடுங்கள். திருட்டும் மழையும் சி-யில் கிடையாது. சிஐஎஃப்பில் ஒப்பந்தம் வேறு சொல்லாவிட்டால் சி-யோடு நிறுத்திக்கொள்ளலாம் என்பதால் பலர் அதையே வாங்கிவிடுகிறார்கள். 'எல்லாம்' என்ற சொல்லை மட்டும் விட்டுவிடுங்கள். இன்றைக்கு இது மூன்றாவது முறை.

செல்லூர்: சர்வேயர் பாத்துட்டாராம். வெள்ளையாகல, கூரையிலயும் ஓட்டை இல்ல. ஆனா ஒண்ணு, லோடு ஏத்துன அன்னைக்கு நம்ம பையன் எடுத்த போட்டோவுல கன்டெய்னர் தரை கறுப்பா ஈரமா தெரியுது. கொடுக்கலாமாண்ணே?

கொடுங்கள், ஆனால் இரண்டு பக்கமும் வெட்டும். ஈரம் வெளியிலிருந்து வந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி உங்களிடம் இல்லை, ஷிப்பிங் ஆபீஸ்காரர் சொன்னது அதுதான். அதே போட்டோவைக் காட்டி, ஈரத் தரை என்று தெரிந்தும் உங்கள் ஆட்கள் அடுக்கினார்களே என்று கம்பெனி கேட்கும். அடுக்கியவர்கள் உங்கள் சம்பள ஆட்களா, காண்டிராக்ட் ஆட்களா? அதையும் எழுதிக் கொடுங்கள். பின்னவர்கள் என்றால் அந்த அடுக்கல் விலக்கு உங்களைப் பிடிப்பது கடினம். போட்டோவை வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் எடுத்த தேதி உதிர்ந்துவிடும். போனிலிருக்கும் மூலக் கோப்பை அப்படியே மெயிலில் இணைத்து அனுப்புங்கள். பையன் அதை அழித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.