கொட்டைக்கு மைனஸ் ஐயாயிரம்

அன்புள்ள ஐயா,

காவேரிப்பட்டினம் பக்கம் புளி வியாபாரம் செய்கிறோம். 10,000 கிலோ பழம் வாங்கிக் கொட்டை தட்ட, கூலி உட்பட 4,45,000 ரூபாய் ஆனது. கிடைத்த புளியைப் பொட்டலம் கட்ட 30,000 செலவு, விலை 6,00,000. 3,500 கிலோ கொட்டையை வறுத்துத் தோல் நீக்கிப் பருப்பாக்க 85,000 செலவு; விலை 1,00,000. இரண்டுக்கும் ஒரே மொத்த லாப விகிதம் வரும் முறையில், பொதுவாக ஆன அந்த 4,45,000 கூட்டுச் செலவைப் பிரித்தேன். பருப்புக்கு மைனஸ் 5,000 வருகிறது. எங்கே தவறு?

கா.

அன்புள்ள கா.,

கணக்கில் தவறு இல்லை. நானும் போட்டுப் பார்த்தேன். மொத்த விற்பனை 7,00,000. எல்லாச் செலவும் சேர்ந்து 5,60,000. லாபம் 1,40,000, அதாவது 20 சதவீதம். இந்த முறை ஒவ்வொரு பொருளுக்கும் அதே 20 சதவீதத்தை முதலில் ஒதுக்கிவிட்டு, மிச்சத்தைத்தான் செலவாகக் கொள்கிறது. புளிக்கு மிச்சம் 4,80,000. அதில் பொட்டலச் செலவைக் கழித்தால் 4,50,000 கூட்டுச் செலவின் பங்கு. பருப்புக்கு மிச்சம் 80,000. ஆனால் வறுக்கவும் தோல் நீக்கவும் நீங்கள் ஏற்கெனவே 85,000 கொடுத்துவிட்டீர்கள். குறையும் 5,000 மைனஸாக நிற்கிறது. 4,50,000-இல் 5,000 போனால் உங்கள் 4,45,000 சரியாக வருகிறது.

சுத்தியல் தட்டும்போது புளியும் கொட்டையும் ஒரே அடியில்தான் பிரிகின்றன. அந்தக் கூலியில் கொட்டைக்குப் பங்கே இல்லை, மேற்கொண்டு புளிதான் அதற்கு 5,000 கொடுக்க வேண்டும் என்கிறது இந்தக் கணக்கு. பிரிந்த பிறகு ஆகும் செலவு ஒரு பொருளின் விலையை ஏறக்குறைய விழுங்கும் இடத்தில் இப்படித்தான் ஆகும். எல்லாப் பொருளும் ஒரே விகிதத்தில் சம்பாதிக்கும் என்ற அனுமானமே எனக்கு உடன்பாடில்லை; உங்கள் பருப்பு அப்படிச் சம்பாதிக்கவில்லை.

விலையிலிருந்து தனிச் செலவைக் கழித்து, மீதியின் விகிதத்தில் பிரித்தால் புளியின் 5,70,000-க்கு எதிரே பருப்பின் 15,000 நிற்கும். பருப்பின் பங்கு ஏறத்தாழ 11,410 ரூபாய். கையிருப்பை மதிப்பிட எனக்கு இதுவே மேல். எந்த முறையானாலும் விற்ற அளவை அல்ல, உற்பத்தியான முழு அளவின் விலையை எடுங்கள். பாதி மூட்டை கிடங்கில் கிடக்கும்போது விற்பனைத் தொகையைப் போட்டால் விகிதமே மாறிவிடும்.

ஆனால் எனக்கு உறுத்துவது மைனஸ் அல்ல. இரண்டு பொருளுக்கும் 20 சதவீதம் என்று தாளில் பார்க்கும்போது வறுப்பதும் லாபம்தான் என்று தோன்றும். கொட்டையைச் சாக்கில் கட்டி அப்படியே விற்றால் கிலோவுக்கு என்ன தருவார்கள்? 8 ரூபாய் என்று வைத்தால் 28,000. வறுத்து நீங்கள் பெறுவது 15,000. அடுப்பு மூட்டியதில் 13,000 போகிறது, அதைக் கூட்டுச் செலவைப் பிரிக்கும் எந்த முறையும் சொல்லாது. கிலோவுக்கு ஏறத்தாழ 4.29 ரூபாய்க்கு மேல் கேட்பவர் கிடைக்கிறாரா என்று அடுத்த சந்தையில் விசாரித்துவிட்டு எழுதுங்கள்.